மூலை நசுங்கிய பெட்டியும் ஆடிய டின்னும்

மூதூரிலிருந்து வந்த அம்மா பையிலிருந்து எடுத்துக் காசாளரின் மேசையில் வைத்த டின்மீன் நேராக நிற்கவில்லை. விரல் பட்டதும் இலேசாக ஆடியது. நல்ல டின்னின் அடித்தட்டு உள்நோக்கிச் சற்றுக் குழிந்திருக்கும். அதனால் விளிம்பில் ஊன்றி அசையாமல் நிற்கும். ஆடுகிறது என்றால் தட்டு வெளியே தள்ளிவிட்டது, உள்ளே வாயு சேர்ந்திருக்கிறது என்று அர்த்தம்.

காசாளராக நின்ற தம்பி மரியாதையாகத்தான் நடந்துகொண்டான். "மன்னித்துக்கொள்ளுங்கள் அம்மா, வேறொன்று தருகிறேன்" என்று சொல்லி ராக்கையிலிருந்து இன்னொரு டின்னை எடுத்துக் கொடுத்தான். ஆடிய டின்னை மேசைக்குக் கீழே, பழைய பில் சுருள்களுக்குப் பக்கத்தில் வைத்தான். அந்த அம்மா கடைசி பஸ்ஸைப் பிடிக்கும் அவசரத்தில் நன்றி சொல்லிவிட்டுப் போய்விட்டார். அப்போது திருகோணமலை நகரில் நடுத்தரமான பலசரக்குக் கடை ஒன்றின் களஞ்சியம் என் பொறுப்பில் இருந்தது. அந்த இரண்டு நிமிடத்தில் விழுந்த முடிச்சை அவிழ்க்க எனக்கு இரண்டு நாள் பிடித்தது.

திரும்பி வரும் பொருளைப் பற்றி எடுக்க வேண்டியவை இரண்டு முடிவுகள். ஒன்று வாடிக்கையாளருக்கு உரியது: காசு கொடுப்பதா, மாற்றிக் கொடுப்பதா, மறுப்பதா? இன்னொன்று பொருளுக்கு உரியது: மறுபடி ராக்கைக்கா, கம்பனிக்கா, குப்பைக்கா? முதலாவதை மேசையிலேயே உடனே எடுக்க வேண்டும். மூதூர்க்காரரைக் காக்கவைக்க முடியாது. இரண்டாவதை மேசையில் எடுக்கவே கூடாது. பில் அடித்துக்கொண்டிருப்பவனுக்கு அதற்கு நேரமும் இல்லை, வெளிச்சமும் இல்லை. இந்த இரண்டையும் ஒரே ஆள் ஒரே மூச்சில் முடித்துவிடுவதால்தான் பெரும்பாலான கடைகளில் இழப்பு எங்கே போனதென்று தெரியாமலே போகிறது.

முதலில் பில் இல்லாத மாற்று. கெட்ட டின் வந்தது, நல்ல டின் போனது, கணக்கு சரிதானே என்று தோன்றும். சரியில்லை. கணினியில் எதுவும் பதியவில்லை. ராக்கையில் 17 டின் இருப்பதாக அது காட்டியது. நான் எண்ணியபோது 16. வருட முடிவில் இருப்பு எடுக்கும்போது அந்த ஒன்று களவுபோனதாகத்தான் கணக்கில் வரும், பழி ஒரு பொடியனின் தலையில் விழும். செய்ய வேண்டியது, பழைய விற்பனையைத் திருப்பிவிட்டுப் புதிதாக ஒரு பில் அடிப்பது. கையில் காசு மாறாவிட்டாலும் இரண்டு பதிவுகள் இருக்க வேண்டும்.

இதிலும் ஒரு பொறி உண்டு. பல பில் கணினிகளில் 'ரிட்டர்ன்' பொத்தானை அழுத்தினால் பொருள் தானாகவே விற்கக்கூடிய இருப்பில் சேர்ந்துவிடும். வீங்கிய டின்னுக்கும் நல்ல டின்னுக்கும் கணினிக்கு வித்தியாசம் தெரியாது. இருப்பு கூடுதலாகக் காட்டுவதால் அடுத்த கொள்வனவு பிந்தும்; ஒருநாள் ராக்கை வெறுமையாக இருக்கும்போது திரையில் மூன்று டின் இருக்கும். அதனால் கணினியில் 'நிறுத்தி வைத்தவை' என்று தனியாக ஓர் இடம் திறந்து, திரும்பி வருபவை எல்லாம் முதலில் அங்கே விழுமாறு செய்ய வேண்டும். அதற்கு வசதியில்லாத கடைக்கு ஒரு கொப்பி போதும்.

இரண்டாவது பிழை மேசைக்குக் கீழே கிடந்தது. பெயரும் திகதியும் இல்லாத பொருளுக்கு அங்கே இருக்க உரிமை இல்லை. பின்னேரம் ஆள் மாறும்போது புதிதாக வருபவர் அதை யாரோ ராக்கையில் வைக்க மறந்த டின் என்று நினைத்து எடுத்து வைத்துவிடுவார். இதைப் பல தடவை கண்டிருக்கிறேன். எங்கள் களஞ்சியத்தில் மூடியுள்ள சிவப்புக் கூடை ஒன்று இருந்தது. அதற்குள் போகும் ஒவ்வொரு பொருளிலும் துண்டுச்சீட்டு ஒன்று ஒட்டியிருக்க வேண்டும்: திகதி, பற்றுச்சீட்டு இலக்கம், மூடியில் பொறித்த தொகுதி இலக்கம், வாங்கியவரின் தொலைபேசி இலக்கம், பொறுப்பேற்றவரின் பெயர், வாடிக்கையாளர் சொன்ன காரணம். காரணத்தை அவர் சொன்ன சொல்லிலேயே எழுத வேண்டும். 'பழுது' என்று எழுதினால் எனக்கு எதுவும் விளங்காது. 'வீட்டுக்குப் போய் வைத்ததும் ஆடியது' என்றால் டின் கடையிலேயே வீங்கியிருந்தது என்று விளங்கும். கூடைக்கு வெளியே இன்னொரு சொல்லையும் ஒட்டியிருந்தேன்: 7 நாள். அதற்குள் எந்தப் பக்கமாவது முடிவு வர வேண்டும். நிறுத்தி வைக்கும் கூடை, முடிவெடுக்கச் சோம்பலானவர்களின் கிடங்காக மாறுவதற்கு அதிக நாள் எடுக்காது.

தம்பி செய்த மூன்றாவது பிழைதான் என் வயிற்றைக் கலக்கியது. மாற்று டின்னை அவன் அதே ராக்கையிலிருந்து எடுத்தான். அந்த அம்மாவின் தொலைபேசி இலக்கமும் எங்களிடம் இல்லை.

வீங்கிய டின் ஒன்று கடைக்கு வந்தால் அது ஒரு டின்னின் பிரச்சினை அல்ல. அதோடு வந்தவை எங்கே என்பதுதான் அடுத்த கேள்வி. ஒன்பது நாளுக்கு முன் முகவரின் வான் மூன்று பெட்டி இறக்கியிருந்தது. 425 கிராம் டின், பெட்டிக்கு 24, மொத்தம் 72. மூடிகளைப் பார்த்தபோது இரண்டு பெட்டி ஒரு தொகுதி, மூன்றாவது வேறு தொகுதி. திரும்பி வந்த டின் முதல் தொகுதியைச் சேர்ந்தது. அந்தத் தொகுதியில் திறக்காத பெட்டி ஒன்று களஞ்சியத்தில் இருந்தது. திறந்த பெட்டியின் 10 டின் ராக்கையில் இருந்தன. இவற்றோடு திரும்பி வந்ததையும் சேர்த்து 35 டின்னை உடனே நிறுத்தி வைத்தோம். மற்றத் தொகுதியின் ஆறு டின்னை மட்டும் ராக்கையில் விட்டோம். முழு ராக்கையையும் காலி செய்யச் சொன்னார் முதலாளி. பயத்தில் எடுக்கும் முடிவு அது. தொகுதி இலக்கம் இருக்கும்போது அதற்குத் தேவையில்லை.

சோதனையைப் பகல் வெளிச்சத்தில், வெறும் மேசையில், கையுறை இல்லாமல் செய்ய வேண்டும். இந்த வேலையில் கண்ணைவிட விரல் நுனிதான் நம்பகமானது. டின்னின் மூடியும் உடலும் சேரும் விளிம்பில் தகடுகள் ஒன்றையொன்று கொக்கிபோல் பிடித்து இரண்டு தடவை மடிந்திருக்கும். அந்த மடிப்புத்தான் டின்னின் உயிர். உடம்பில் ஆழமில்லாத, கூர்மையற்ற குழி இருந்தால் பெரும்பாலும் பாதகமில்லை. மடிப்பில் விழுந்த நசுங்கல், சிறியதாக இருந்தாலும், கண்ணுக்குத் தெரியாத ஒரு வழியைத் திறந்துவிடலாம். டின்னுக்குள் வெற்றிடம் இருப்பதால் வெளிக்காற்றையும் ஈரத்தையும் அது உள்ளே இழுக்கும். கிருமியும் கூடவே போகும். வீக்கம் சில நாள் கழித்துத்தான் வரும். ஆகவே மடிப்பு நசுங்கியிருந்தால், வீங்கவில்லை என்பது அந்த டின்னுக்கு நற்சான்றிதழ் ஆகாது.

பிறகு இரண்டு தட்டுகளையும் பெருவிரலால் அழுத்திப் பார்க்க வேண்டும். ஒரு பக்கம் அழுத்தும்போது மறுபக்கம் 'டொக்' என்று வெளியே வந்தால் வீக்கம் தொடங்கிவிட்டது. கடைசியாகத் துரு. கடற்காற்று வீசும் எங்கள் ஊரில், மாரி மழையின்போது களஞ்சியத்தில் வைத்த டின்னின் விளிம்பில் செம்மண் நிறம் ஏறாவிட்டால்தான் அதிசயம். உலர்ந்த துணியால் துடைத்தால் போகிற துரு மேல்துரு. துடைத்த பிறகும் நகம் தடக்கும் அளவுக்குக் குழி இருந்தால் அந்த டின் விற்பனைக்கு இல்லை.

இந்த இடத்தில் எல்லாக் கடைகளிலும் ஒருவர் சொல்வார்: "திறந்து மணந்து பாருங்கள், நல்லதென்றால் நாங்கள் சமைப்போம்." வீங்கிய டின்னைத் திறக்கவே கூடாது. பொட்டுலிசம் என்ற நஞ்சூட்டலை உண்டாக்கும் கிருமி காற்றில்லாத இடத்தில்தான் வளரும். அதன் நஞ்சு மணத்திலோ நிறத்திலோ தன்னைக் காட்டிக்கொள்ள வேண்டும் என்றில்லை. அழுத்தம் ஏறிய டின்னில் திறப்பானைக் குத்தினால் உள்ளிருப்பது முகத்தில் தெறிக்கும். வெளியிலிருந்து பார்க்கக்கூடியது எவ்வளவோ அவ்வளவுதான் கடையின் சோதனை. அதற்கு மேல் ஆய்வுகூடத்தின் வேலை.

எங்கள் ஆடிய டின்னில் அடி மடிப்பு ஓர் இடத்தில் நசுங்கியிருந்தது. வீக்கமும் அதே பக்கம். ராக்கையின் பத்தில் இரண்டுக்கு அதே மாதிரி நசுங்கல், வீக்கமில்லை. திறக்காத பெட்டியைத் தூக்கி மேசையில் வைத்தபோதுதான் கீழ் மூலை உள்ளே போயிருந்ததைக் கண்டேன். மட்டை கிழியவில்லை, மடங்கியிருந்தது. உள்ளே அந்த மூலையை ஒட்டிய நான்கு டின்களின் மடிப்பு நசுங்கியிருந்தது. அவற்றுள் ஒன்று அழுத்தினால் 'டொக்' என்றது. மீதி இருபதும் சுத்தம்.

இதிலிருந்து காரணம் தெளிவாகிறது. நசுங்கல் இல்லாத டின்கள், பெட்டியின் நடுவிலும் ஓரத்திலும், ஒரே தொகுதியில் பலவாக வீங்கியிருந்தால் தொழிற்சாலையில் சூடேற்றியது போதவில்லை என்று சந்தேகிக்க வேண்டும். அப்படியானால் ஒரு டின்னைக்கூட விடக்கூடாது. கம்பனிக்கும் பொதுச் சுகாதாரப் பரிசோதகருக்கும் அன்றே அறிவிக்க வேண்டும். இங்கே பழுது மூலையில் மட்டும் இருந்தது. யாரோ இரண்டு பெட்டியைச் சேர்த்துத் தூக்கி மூலையில் போட்டிருக்கிறார்கள். அபறணை, கந்தளாய் வழியாக வந்த லொறியிலா, முகவரின் களஞ்சியத்திலா, எங்கள் வாசலிலா என்பது அந்தப் பெட்டிக்குத்தான் தெரியும். தொகுதியில் குற்றமில்லை. ஆகவே ராக்கையின் எட்டும் பெட்டியின் இருபதுமாக 28 டின்னைத் துடைத்து, திகதியிட்டு, மறுநாள் விற்பனைக்கு விட்டோம்.

ஆனால் ஒரு கணக்கு உறுத்தியது. திறக்காத பெட்டியில் நான்கு. திறந்த பெட்டியில் நாங்கள் கண்டது மூன்று. நான்காவது?

கடன் கொப்பி கைகொடுத்தது. அதில் தொகுதி இலக்கம் இருக்காது. ஆனால் ஒன்பது நாளில் டின்மீன் வாங்கிய ஏழு வீடுகளின் பெயர் இருந்தது. ஒவ்வொரு வீட்டுக்கும் தொலைபேசியில் எடுத்து, "அக்கா, டின்னின் விளிம்பை விரலால் ஒருமுறை தடவிப் பாருங்கள்" என்று சொன்னோம். ஆறு வீட்டில் எப்போதோ சமைத்து முடித்துவிட்டார்கள். ஏழாவது உப்புவெளி. அந்த அக்கா அன்று மாலையே கொண்டுவந்தார்: மடிப்பில் நசுங்கல், வீக்கமில்லை. காசுக்கு வாங்கியவர்களுக்காக மேசையில் ஓர் அறிவித்தல் ஒட்டினோம். மூதூர் அம்மா அடுத்த கிழமை வந்தபோது நான் கேட்காமலே சொன்னார்: "அது நல்ல டின் மகன்." அதுவரை எனக்கு ஒழுங்கான நித்திரை இல்லை.

இப்போது எங்களிடம் விலக்கிய டின் எட்டு. சுலபமான கணக்குக்கு, கொள்விலை 490 ரூபாய், விற்பனை விலை 540 என்று வைத்துக்கொள்ளுங்கள். இழப்பைக் கொள்விலையில்தான் எழுத வேண்டும்: 3,920 ரூபாய். சிலர் வாடிக்கையாளருக்குத் திருப்பிக் கொடுத்த 540ஐ ஓர் இழப்பாகவும், எறிந்த டின்னின் 490ஐ இன்னோர் இழப்பாகவும் எழுதுவார்கள். அது ஒரே டின்னுக்கு இரண்டு தடவை அழுவது. திருப்பிக் கொடுத்த 540 விற்பனையைக் குறைக்கிறது. அதோடு டின் 490க்கு இருப்புக்குத் திரும்புகிறது. பிறகு அந்த 490 கழிக்கப்படுகிறது. போனது 490தான். மீதி 50 நமக்கு வராமல் போன இலாபம்.

இரண்டு கிழமைக்கு ஒரு தடவை வரும் விற்பனைப் பிரதிநிதி அந்த வியாழக்கிழமை வந்தார். எட்டையும் மேசையில் வரிசையாக வைத்திருந்தேன். திறக்காத பெட்டியில் கண்ட நான்கையும், நாடா வெட்டுவதற்கு முன்னும் பின்னும் எடுத்த படங்களோடு காட்டியபோது ஏற்றுக்கொண்டு, அடுத்த பில்லில் கழித்துக்கொள்ள 1,960 ரூபாய்க்கு கிரெடிட் நோட் எழுதினார். மற்ற நான்குக்கும் மறுப்பாகத் தலையாட்டினார். "அண்ணன், ராக்கைக்குப் போன பிறகு எங்கே விழுந்ததென்று நான் எப்படிச் சொல்வது? பெட்டி வாங்கும்போது பில்லில் எதுவும் எழுதவில்லையே." எடுத்துப் பார்த்தேன். முகவரின் பில்லில் எங்கள் கையெழுத்தும் கடை முத்திரையும் மட்டும்தான் இருந்தன. 'நல்ல நிலையில் பெற்றுக்கொண்டோம்' என்ற அச்சு வரிக்குக் கீழே.

அவரோடு சண்டை பிடிக்க எனக்கு வாய் வரவில்லை. நான்கு டின், 1,960 ரூபாய், கடையின் தலையில். ஒரு டின்னில் 50 ரூபாய் இலாபம் என்றால் இதை மீட்க இன்னும் 40 டின் விற்க வேண்டும், ஒன்றரைப் பெட்டிக்கும் மேல். வாசலில் இரண்டு நிமிடம் மூலையைப் பார்த்திருந்தால் இதில் பெரும்பகுதி கம்பனியிடம் போயிருக்கும்.

கழிக்கும் டின்னைக் குறைந்த விலைப் பெட்டியில் போடலாமா என்று முதலாளி கேட்டார். கேட்பது நியாயம்தான், சவர்க்காரத்தின் உறை கிழிந்தால் அப்படித்தான் விற்கிறோம். உடம்பில் மட்டும் குழிந்த டின்னையும் விற்கலாம். மடிப்பு நசுங்கியதை விற்க முடியாது. மனித நுகர்வுக்கு உதவாத உணவை விற்பது 1980ஆம் ஆண்டின் 26ஆம் இலக்க உணவுச் சட்டத்தின்படி குற்றம். பாதி விலைக்கு விற்றாலும் குற்றம் பாதியாவதில்லை.

மீள ராக்கைக்குப் போகும் வழியைப் பற்றியும் ஒரு சொல். பழுதில்லாமலே திரும்பி வரும் பொருள்தான் அதிகம் ஏமாற்றும். 400 கிராம் பால்மாப் பைக்கற்றை ஒருவர் உறை பிரிக்காமல் கொண்டுவருகிறார்; வீட்டில் ஏற்கெனவே வாங்கிவிட்டார்களாம். கையில் எடுத்தால் புதிது. ஆனால் இரண்டு நாள் அது எங்கே இருந்தது? மோட்டார் சைக்கிள் பெட்டிக்குள் நிலாவெளி வெயிலிலா, மண்ணெண்ணெய்க் கலனுக்குப் பக்கத்திலா? சாப்பிடும் பொருள் கடையின் கண்ணை விட்டுப் போனால் திரும்ப ராக்கைக்குப் போகாது என்பது என் விதி. பழுதில்லாததால் கம்பனியும் எடுக்காது. ஆகவே அதை ஏற்பது என்றால் இழப்பை அறிந்தே ஏற்பது. பழைய வாடிக்கையாளருக்காகச் சில வேளை செய்வோம், மற்றவர்களிடம் பணிவாக மறுப்போம். பிளாஸ்டிக் வாளியென்றால் கேள்வியே இல்லை. வெடிப்புப் பார்த்துத் துடைத்து அடுக்கிவிடலாம்.

பழுதான பொருளுக்கு அப்படி மறுக்க முடியாது. 'விற்ற பொருள் திருப்பி எடுக்கப்படமாட்டாது' என்ற பலகை பிரதான வீதியில் பல கடைகளில் தொங்குகிறது. பலகை தொங்குவதால் புகார் நின்றுவிடாது: 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ், வாங்கி மூன்று மாதத்துக்குள் பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபைக்கு எழுத்தில் முறையிட இடமுண்டு. 'மூன்று நாளுக்குள் மட்டும்' என்று எழுதுவதையும் நான் விரும்புவதில்லை. மூதூரிலிருந்து கிழமைக்கு ஒரு தடவை வருபவருக்கு மூன்று நாள் என்பது 'வராதே' என்பதற்குச் சமம்.

கடைசி வேலை அழிப்பது. கழித்து எழுதும் தாளில் பொருள், எண்ணிக்கை, தொகுதி, கொள்விலை, காரணம். கீழே இரண்டு கையெழுத்து, எடுத்தவருடையதும் பார்த்தவருடையதும். ஒரே கையெழுத்துள்ள கழிப்புத்தாள் களவுக்கு வசதியான வாசல். டின்னின் உறையைக் கிழித்து, இரண்டு தட்டிலும் கறுப்பு மையால் பெரிய குறுக்குக் கோடு போட வேண்டும். அப்படியே எறிந்தால் யாராவது பொறுக்கி எடுத்துச் சாப்பிடுவார்கள், அல்லது வேறொரு பெட்டிக்கடையில் மறுபடி பிறக்கும். வீங்கியதைக் குத்தாமல் இரட்டைப் பையில் கட்ட வேண்டும். பையை முதல் நாள் இரவே வாசலில் வைக்கவும் கூடாது. இந்த ஊரில் நாயும் காகமும் மட்டுமல்ல, பிரெட்ரிக் கோட்டைப் பக்கமிருந்து இறங்கி வரும் மான்களும் குப்பைப் பையைக் கிழிக்கும். காலையில் குப்பை வண்டியின் சத்தம் கேட்ட பிறகு, தம்பியே கையில் கொண்டுபோய்ப் போட்டான்.

அடுத்த முறை முகவரின் வான் வந்தபோது ஒவ்வொரு பெட்டியையும் மேசையில் ஏற்றி, எட்டு மூலையையும் தடவிப் பார்த்தேன். வானில் வந்த பொடியன் பொறுமையிழந்துவிட்டான். "என்ன ஐயா, பெண் பார்ப்பது மாதிரிப் பார்க்கிறீர்கள்?" நான்காவது பெட்டியின் ஒரு மூலை இலேசாக மடங்கியிருந்தது. அச்சிட்ட அந்த வரிக்கு மேலே, 'ஒரு பெட்டியின் கீழ் மூலை நசுங்கியுள்ளது, உள்ளே சோதிக்கவில்லை' என்று எழுதி, அவனிடமும் ஒரு கையெழுத்து வாங்கிக்கொண்டு, பிறகு என் பெயரை எழுதினேன்.